புது ரூட்டரில் கன்சோல் சேர மறுப்பது ஏன்? பாதுகாப்பு முறையும் சேனல் அகலமும்

புது ரூட்டர் வந்ததும் போன், லேப்டாப், டிவி எல்லாம் ஒரே நிமிடத்தில் சேர்ந்துவிடுகின்றன. பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கேம் கன்சோல் மட்டும் சேரவில்லை. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம் என்கிறது, அல்லது பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயரையே காட்டுவதில்லை. பாஸ்வேர்டை நாலு தடவை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு, கன்சோலின் வைஃபை கெட்டுப்போய்விட்டது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ரூட்டர் பேசுகிற முறை மாறியிருக்கும்.

முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 4 இதற்கு நல்ல உதாரணம். 2013இல் வந்தது, இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகிறது. பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் CUH-10, CUH-11, CUH-12 என்று தொடங்கினால் அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு. 2016இல் வந்த மெலிந்த மாடலிலும் ப்ரோ மாடலிலும்தான் 5 கிகாஹெர்ட்ஸ் சேர்ந்தது. கீழே சொல்வதெல்லாம் இந்தப் பழைய மாடலை வைத்து. அதே காலத்து மற்றக் கன்சோல்களுக்கும் காரணங்கள் இவைதான்.

## முதலில் பார்க்க வேண்டியது: பெயர் தெரிகிறதா?

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் கன்சோலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். Settings, Network, Set Up Internet Connection, Use Wi-Fi என்று போனால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். அங்கே என்ன நடக்கிறது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

1. உங்கள் வைஃபையின் பெயர் பட்டியலிலேயே இல்லை. கன்சோலின் காதில் ரூட்டரின் குரல் விழவில்லை என்று பொருள். 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற பேண்ட், அதற்குள் ரூட்டர் பேசும் சேனல், அந்தச் சேனலின் அகலம் ஆகியவற்றில் தேடுங்கள்.

2. பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு கொடுத்ததும் தோற்கிறது. குரல் கேட்கிறது, மொழி புரியவில்லை. பாதுகாப்பு முறையில் தேடுங்கள்.

3. சேர்ந்துவிடுகிறது, ஆனால் ஐபி முகவரி கிடைக்கவில்லை அல்லது இணையம் வரவில்லை என்கிறது. இந்தக் கட்டுரையில் பேசும் இரண்டு அமைப்புகளும் காரணமல்ல. அது வேறு கதை.

முதல் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நேரம் வீணாகிறது. பெயரே தெரியாதபோது பாதுகாப்பு முறையை மாற்றுவதாலும், பாஸ்வேர்டில் தோற்கும்போது சேனலை மாற்றுவதாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. 'பெரும்பாலும்' என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். தனக்குப் புரியாத பாதுகாப்பு முறை கொண்ட வைஃபையைப் பட்டியலிலிருந்தே மறைத்துவிடும் சாதனங்களும் சில உண்டு.

## பாதுகாப்பு முறை: பாஸ்வேர்டு சரி, கேட்கும் விதம் வேறு

ரூட்டர் ஒரு நொடிக்குச் சுமார் பத்து முறை தன்னைப் பற்றி ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பீக்கன் என்பார்கள். என் பெயர் இது, நான் இந்தச் சேனலில் இருக்கிறேன், என்னுடன் சேர இந்த முறையில் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கன்சோல் அதைப் படித்து, தனக்குத் தெரிந்த முறை பட்டியலில் இருந்தால் பேச்சைத் தொடங்கும்.

2004இல் வந்த WPA2 முறையில், வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து 4096 முறை கலக்கி ஒரு சாவி உருவாகிறது. ரூட்டரும் கன்சோலும் தனித்தனியாக இதே கணக்கைப் போட்டு, நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, இருவரிடமும் இருப்பது ஒரே சாவிதான் என்று உறுதிசெய்துகொள்கின்றன. இதில் ஒரு பலவீனம் உண்டு. அந்த நான்கு செய்திகளைத் தெருவிலிருந்து ஒருவர் பதிவுசெய்துகொண்டால், வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்கு எதுவும் தெரியாது.

2018இல் வந்த WPA3 இதைத்தான் அடைத்தது. SAE என்ற வேறு பேச்சு முறையில், ஒவ்வொரு யூகத்துக்கும் ரூட்டரிடமே நேரடியாக வந்து கேட்க வேண்டும். பதிவுசெய்துகொண்டு போய் ஆற அமர உடைக்க முடியாது. கூடவே PMF என்ற இன்னொன்றையும் WPA3 கட்டாயமாக்கியது. சாதனத்தை வெளியேறச் சொல்லும் உத்தரவு போன்ற நிர்வாகச் செய்திகளை வெளியாள் போலியாக அனுப்ப முடியாமல் காப்பது இது.

நாம் அடிக்கும் பாஸ்வேர்டு இரண்டு முறைகளிலும் ஒன்றேதான். அதை நிரூபிக்கும் விதம்தான் வேறு. 2013ஆம் ஆண்டு வைஃபை மென்பொருளுக்கு SAE என்றால் என்னவென்றே தெரியாது. பிளேஸ்டேஷன் 4இல் வைஃபை விவரத்தைக் கையால் பதியும் பக்கத்துக்குப் போனால் இது கண்ணிலேயே தெரியும். அங்கே WEP இருக்கிறது, WPA-PSK/WPA2-PSK இருக்கிறது, WPA3 இல்லை. ரூட்டர் WPA3 மட்டும் என்று அறிவித்தால் கன்சோலுக்குப் பேச வழியில்லை. அந்தத் தோல்வியைச் சொல்லத் தனியாக ஒரு வாசகம் இல்லாததால், கையில் இருக்கும் வாசகத்தைக் காட்டிவிடுகிறது. அதைப் படிக்கும் நமக்குப் பாஸ்வேர்டு மேல் சந்தேகம் வருகிறது.

முன்பு வராத இந்தச் சிக்கல் இப்போது ஏன் வருகிறது? 2020 ஜூலை முதல், வைஃபை சான்றிதழ் பெறும் புதுச் சாதனங்களுக்கு WPA3 கட்டாயம். 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் WPA2வுக்கு இடமே இல்லை. அதனால் புது ரூட்டர்கள் WPA3ஐ முன்னிறுத்தியே பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன.

## கலப்பு முறையும் அதில் ஒளிந்திருக்கும் PMF-உம்

ரூட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் பாதுகாப்பு என்ற இடத்தில் ஏறக்குறைய இந்த மூன்று தேர்வுகள் இருக்கும். பெயர்கள் ரூட்டருக்கு ரூட்டர் கொஞ்சம் மாறும்.

```
WPA2-PSK (AES)
WPA2-PSK/WPA3-SAE
WPA3-SAE
```

நடுவில் இருப்பது கலப்பு முறை. பீக்கனில் இரண்டு முறைகளையும் அறிவித்து, வருபவர் தனக்குத் தெரிந்ததைத் தேர்ந்துகொள்ள விடும். புதுப் போன் WPA3இல் சேரும், பழைய கன்சோல் WPA2இல் சேரும். முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

இதை மாற்றியும் கன்சோல் சேரவில்லை என்றால் அதே பக்கத்தில் PMF, அல்லது Protected Management Frames என்ற வரியைத் தேடுங்கள். சில ரூட்டர்களில் Advanced பகுதிக்குள் இருக்கும். அதற்கு Disabled, Capable, Required என்று மூன்று நிலைகள். Capable என்றால் தெரிந்தவரோடு பயன்படுத்துவேன், தெரியாதவரையும் விடுவேன் என்று பொருள். Required என்றால் தெரியாதவருக்கு இடமில்லை. WPA3 மட்டும் என்ற முறையில் Required-தான் சரி. கலப்புக்கு மாற்றும்போது பல ரூட்டர்கள் இதைத் தாமாகவே Capable ஆக்கிவிடும். இரண்டையும் தனித்தனி அமைப்பாக வைத்திருக்கும் ரூட்டரில் Required அப்படியே நின்றுவிடலாம். அப்போது பெயருக்குத்தான் கலப்பு முறை. பழைய சாதனத்துக்குக் கதவு மூடியே இருக்கும்.

இன்னொரு வகைத் தோல்வியும் உண்டு. பீக்கனில் இரண்டு முறைகள் சேர்ந்து வருவதைப் பார்த்தே சில பழைய மென்பொருள்கள் தடுமாறும். ஒன்று மட்டும் இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை அவை. PMF-ஐ Capable ஆக்கியும் கலப்பு முறையில் சேராத கன்சோல், WPA2-PSK (AES) மட்டும் என்று வைத்ததும் உடனே சேர்ந்தால் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. WPA/WPA2 என்றோ TKIP என்றோ இருக்கும் இன்னும் பழைய தேர்வுகளுக்குப் போக வேண்டாம். பிளேஸ்டேஷன் 4க்கு அவை தேவையே இல்லை. TKIP என்ற பழைய குறியாக்க முறை பாதுகாப்பிலும் பலவீனமானது, வேகத்தையும் குறைக்கும். 802.11n என்ற வைஃபை தரத்தின் வேகங்களை TKIP-உடன் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. எனவே TKIP-இல் சேரும் சாதனம் பழைய 54 மெகாபிட் எல்லைக்குள் நின்றுவிடும்.

## சேனல் அகலம்: சாலை விரிந்தால் அறிவிப்பு எங்கே வருகிறது?

2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் ரொம்பக் குறுகியது. 2400இலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இந்தியாவில் அதில் 1 முதல் 13 வரை சேனல்கள். பக்கத்துப் பக்கத்துச் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒரு வைஃபை பிடிக்கும் அகலம் 20. அதனால்தான் ஒன்றையொன்று இடிக்காத சேனல்களாக 1, 6, 11 மூன்றை மட்டும் சொல்கிறார்கள். அகலத்தை 40 என்று வைத்தால் பேண்டில் பாதியை ஒரே வீடு எடுத்துக்கொள்கிறது.

40 என்று வைத்தால் 20 மட்டும் தெரிந்த கன்சோல் சேரவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி அப்படியில்லை. 40 அகலம் என்பது இரண்டு 20களை ஒட்டவைத்தது. அதில் ஒன்று முதன்மைச் சேனல், மற்றது துணைச் சேனல். பீக்கனும், சேர்வதற்கான பேச்சும் முதன்மைச் சேனலில் 20 அகலத்திலேயே நடக்கும். பழைய சாதனம் அந்த 20ஐ மட்டும் பிடித்துக்கொண்டு சேர்ந்துவிடலாம்.

அப்படியானால் அகலத்தைக் குறைத்ததும் பல வீடுகளில் கன்சோல் சேர்ந்துவிடுவது எப்படி? இரண்டு வழிகளில் நடக்கிறது.

1. முதன்மைச் சேனல் போய் உட்காரும் இடம். 40 அகலத்தில் முதன்மை 13, துணை அதற்குக் கீழே 9 என்று Auto தேர்ந்தெடுத்துவிடலாம். அலை 9ஆம் சேனலிலும்தான் பரவுகிறது, ஆனால் பீக்கன் 13இல் மட்டும்தான் வரும். அமெரிக்காவில் விற்கும் சாதனங்கள் வழக்கமாக 1 முதல் 11 வரைதான் கேட்கும்படி பூட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த கன்சோலாக இருந்தால் 12, 13 இரண்டும் அதற்கு இல்லாத சேனல்கள். பெயர் பட்டியலில் வராது.

2. நெரிசல். அடுக்குமாடியில் பதினைந்து இருபது வைஃபைகள் இருக்கும் இடத்தில் 40 அகலம் என்றால் இரு மடங்கு பேரின் சத்தத்துக்கு நடுவே பேசுவது. சேர்வதற்கான செய்திகள் தொலைந்து தொலைந்து நேரம் முடிந்துவிடும். ஒரு முறை சேரும், அடுத்த முறை சேராது. ரூட்டர் பக்கத்தில் வைத்தால் சேரும், அடுத்த அறையில் சேராது. இப்படி மாறி மாறி நடந்தால் நெரிசலைச் சந்தேகிக்கலாம். பாதுகாப்பு முறையால் வரும் தோல்வி இப்படி இருக்காது. எங்கே வைத்தாலும், எத்தனை முறை முயன்றாலும் ஒரே மாதிரி தோற்கும்.

அக்கம்பக்கத்தில் வேறு வைஃபை இருந்தால் 40ஐ விட்டு 20க்கு இறங்க வேண்டும் என்று தரத்திலேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. ரூட்டரில் 20/40 Coexistence என்று இருப்பது அதுதான். அதை அணைத்துவிட்டு 40ஐக் கட்டாயமாக்கியிருந்தால் மேலே சொன்ன சிக்கல் கூடும்.

ரூட்டர் இப்போது எந்தச் சேனலில் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள விண்டோஸ் லேப்டாப் போதும். கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுங்கள்:

```
netsh wlan show networks mode=bssid
```

உங்கள் வைஃபையின் பெயருக்குக் கீழே `Channel`, `Radio type` என்ற வரிகளைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிய பகுதியில் `Channel` 12 அல்லது 13 என்றிருந்தால் விடை கையில் வந்தாயிற்று. 2.4 பகுதியே வராமல் 36, 149 போன்ற எண்கள் மட்டும் வந்தால் ரூட்டரில் 2.4 அணைந்திருக்கலாம். முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 4க்கு 5 கிகாஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது.

அதே ரூட்டர் பக்கத்தில் Mode என்ற வரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 802.11ax only, அதாவது வைஃபை 6 மட்டும் என்றிருந்தால் பழைய சாதனங்கள் எல்லாமே வெளியேதான். b/g/n/ax என்று எல்லாம் சேர்ந்த தேர்வு வேண்டும்.

## 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள கன்சோல்களுக்கு

மெலிந்த பிளேஸ்டேஷன் 4, ப்ரோ போன்றவற்றில் பெயர் மறைந்தால் 160 அகலத்தைப் பாருங்கள். 160க்கு இடம் கொடுக்கும் தொகுப்புகள் குறைவு. ஒன்று 36 முதல் 64 வரை, இன்னொன்று 100 முதல் 128 வரை. முதலாவதில் பாதியும் இரண்டாவது முழுவதும், பல நாடுகளில் ரேடாருடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய சேனல்கள். ரூட்டர் அங்கே பேசத் தொடங்குமுன் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் தட்டுப்பட்டால் உடனே இடம் மாற வேண்டும். அந்தச் சேனல்களைத் தேடாத சாதனத்துக்கு அங்கே இருக்கும் ரூட்டர் இல்லாத ரூட்டர்தான். அகலம் 80, சேனல் 36 என்று வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

CUH-11 என்று தொடங்கும் மாடல், அமெரிக்காவிலிருந்து வந்தது. புது ரூட்டர் வைஃபை 6. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர், பாதுகாப்பு WPA3-SAE, 2.4இல் அகலம் 40, சேனல் Auto.

முதல் நாள் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டில் தோற்கிறது. இரண்டாவது வகை. பாதுகாப்பைக் கலப்பு முறைக்கு மாற்றுகிறார்கள், ரூட்டர் வைஃபையை அணைத்து ஏற்றுகிறது. மறுபடி அதே தோல்வி. PMF Required என்று நிற்பதைப் பார்த்து Capable ஆக்குகிறார்கள். கன்சோலில் பெயரை மறுபடி தேர்ந்து பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்ததும் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய் வருகிறது. இப்போது பெயரையே காணோம். இங்கேதான் பலர் பாதுகாப்பு முறையை மறுபடி நோண்டப் போவார்கள். ஆனால் பெயர் இல்லை என்றால் முதல் வகை. லேப்டாப்பில் பார்த்தால் 2.4 பகுதியில் சேனல் 13. ரூட்டர் திரும்ப எழுந்தபோது Auto அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. சேனலை 6 என்று நிலையாக வைத்ததும் பெயர் திரும்பி வருகிறது. 13ஐ விட்டு 11க்குள் வந்ததுதான் பெயரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அகலத்தை 20 ஆக்கியது நெரிசலுக்காக.

ஒரே கன்சோல், ஒரே ரூட்டர், ஒரே வாரத்தில் இரண்டு வேறு காரணங்கள். அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கன்சோலில் பார்த்ததால்தான் எது எதைத் தீர்த்தது என்று தெரிந்தது. நான்கையும் ஒரே மூச்சில் மாற்றியிருந்தால் சேர்ந்திருக்கும், ஆனால் மறுபடி விட்டுப்போகும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாது.

## வீடு முழுவதையும் கீழே இறக்க வேண்டுமா?

கலப்பு முறைக்கு ஒரு விலை உண்டு. WPA2 கதவு திறந்திருக்கும் வரை, கன்சோல் சேரும்போது நடக்கும் அந்த நான்கு செய்திகளை யாரும் பதிவுசெய்யலாம். இரண்டு முறைக்கும் பாஸ்வேர்டு ஒன்றே என்பதால், அதை உடைத்தவருக்கு வீட்டு வைஃபை முழுவதும் கிடைத்துவிடும். பத்து இலக்கப் போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கும் வீட்டில் இது உண்மையான ஆபத்து. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் யூகித்து உடைப்பது நடைமுறையில் முடியாததாகிவிடும்.

இதைவிட நல்ல வழி, ரூட்டரில் உள்ள கெஸ்ட் நெட்வொர்க். முதன்மை வைஃபையை WPA3இலேயே விட்டுவிட்டு, கெஸ்டை 2.4 கிகாஹெர்ட்ஸ், WPA2-PSK (AES), வேறு பாஸ்வேர்டு என்று வைத்துக் கன்சோலை அதில் சேர்க்கலாம். பெயரும் தனி என்பதால், ஒரே பெயரில் வரும் சாதனங்களை 5க்குத் தள்ளப் பார்க்கும் ரூட்டரின் வேலையும் கன்சோலைத் தொடாது. ஆனால் சேனலும் அகலமும் அந்த ரேடியோவுக்குப் பொதுவானவை. முதன்மை வைஃபை 13இல் இருந்தால் கெஸ்டும் 13இல்தான் இருக்கும்.

கெஸ்டில் இருப்பவற்றை வீட்டின் மற்றச் சாதனங்களோடு பேச விடாமல் ரூட்டர் பிரித்துவைக்கும். இணையத்தில் விளையாட, டவுன்லோட் செய்ய இது தடையில்லை. வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களைக் கன்சோல் வழியாகப் பார்ப்பது மட்டும் நின்றுபோகும். அது வேண்டுமென்றால் கலப்பு முறையும் நீளமான பாஸ்வேர்டும்தான் வழி.

ரூட்டரும் கன்சோலும் ஒரே அறையில் இருந்தால் இதில் எதையுமே தொட வேண்டாம். பிளேஸ்டேஷன் 4இன் பின்னால் கிகாபிட் லேன் போர்ட் இருக்கிறது. ஒரு கேபிளைச் சொருகி, அதே பக்கத்தில் Use Wi-Fi என்பதற்குப் பதிலாக Use a LAN Cable என்று தேர்ந்தால் வேலை முடிந்தது.